ஒருமைக் குவியல், பன்மைக் குவியல்

என் அக்காவைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் அவளுடைய பொறுமையைத்தான் மெச்சுவார்கள். பொறுமையாவது மண்ணாங்கட்டியாவது. நான் கூடப் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் அவளுடைய பேனாவின் முள்ளை வளைத்துவிட்டுச் சிரித்தவளோடு அக்கா ஏழு வருஷம் சிரித்துப் பேசினாள். எட்டாவது வருஷம் பொதுத்தேர்வு அறையில் அந்தப் பெண்ணின் பேனா மக்கர் பண்ணி, திரும்பி அக்காவின் முகத்தைப் பார்த்தபோது, அக்கா தன் இரண்டாவது பேனாவை எடுத்து மூடியை இறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். எங்கள் வீட்டில் கோபம் பெண்கள் சொத்து. எனக்கு அது உடனே கொதித்து உடனே ஆறும். அவளுக்குக் கொதிக்கவே கொதிக்காது, அதனால் ஆறவும் ஆறாது.

அக்கா அரபி வாத்தியார். கல்லூரியில் அந்த மொழியைப் படித்துத் தேறியவள். அரபி பேசும் ஊர்களின் ஆஸ்பத்திரிகளுக்கு வேலைக்குப் போகிற நர்சுகளுக்கு, போவதற்கு முன் மூன்று மாதம் மொழி சொல்லிக்கொடுக்கிற பயிற்சி நிலையம் ஒன்றில் ஒன்பது வருஷம் பாடம் நடத்தினாள். நிலையம் இரண்டாவது மாடியில். கீழே தெருவைப் பார்த்த மாதிரி என் ஜெராக்ஸ் கடை. மேலே நாற்காலி நகர்ந்தால் இங்கே எனக்குக் கேட்கும்.

நிலையத்தின் சொந்தக்காரருக்கு நான் வைத்த பெயர் அச்சுக்காரர். காரணம் இருக்கிறது, ஆனால் அதற்கு அரபிப் பன்மையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயப்பட வேண்டாம், ஒன்பது வருஷம் நகல் எடுத்தே நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

நமக்கு மரம் என்றால் மரங்கள். ஒரு வாலை ஒட்டினால் வேலை முடிந்தது. அரபியிலும் வால் ஒட்டுகிற சொற்கள் உண்டு. ஆனால் அன்றாடம் புழங்குகிற ஏராளமான சொற்கள் அப்படி இல்லை. உள்ளேயே உடைந்து மாறும். புத்தகம் கிதாப், புத்தகங்கள் குதுப். மெய்யெழுத்துகள் அப்படியே நிற்கும், உயிர்கள் இடம் மாறிக் குடியேறும். உடைந்த பன்மை என்றே அதற்குப் பெயர். சரி, ஒரு சொல் எப்படி உடைகிறது என்று பார்த்து மற்றதையும் அதே மாதிரி உடைக்கலாமே என்றால், அங்கேதான் வம்பு. நோயாளி மரீள், மருத்துவர் தபீப், கட்டில் ஸரீர். மூன்றும் காதுக்கு ஒரே தாளம். பன்மையிலோ நோயாளிகள் மர்ளா, மருத்துவர்கள் அதிப்பா, கட்டில்கள் அஸிர்ரா. மூன்றும் மூன்று திக்கில் போகும். ஒருமையைப் பார்த்து எது எங்கே போகும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

அதனால் அக்காவுக்கு ஒரு பழக்கம். பாதி தபால் அட்டை அளவுக்கு வெள்ளை அட்டை நறுக்கி, வலப்பக்கம் ஒருமை, இடப்பக்கம் பன்மை, ஒவ்வொன்றின் கீழும் தமிழ் எழுத்தில் உச்சரிப்பும் பொருளும் என்று எழுதுவாள். வகுப்பில் ஒன்றைச் சொல்லி மற்றதைச் சொல்லாமல் விட யாருக்கும் அனுமதி கிடையாது. "மரீள் மர்ளா, ஒரே மூச்சு. நடுவுல எச்சில் முழுங்கக்கூடாது" என்பாள். முப்பது பெண்கள் ஒரே மூச்சில் கத்துவது என் கடைக்குக் கேட்கும். ஒன்பது வருஷத்தில் அப்படி ஆயிரத்து இருநூறு அட்டை சேர்ந்தது. அட்டை வாங்கியது என்னிடம், நறுக்கியதும் நான்தான்.

அச்சுக்காரருக்கு இது பிடிக்கவில்லை. அவர் இலக்கணப் புத்தகம் படித்து அரபி கற்றவர். பன்மைகள் உடைகிற விதங்களை முப்பத்தொரு வாய்பாடாகத் திரட்டி, வண்ணத்தில் அச்சடித்து, சுவர் நீளத்துக்கு மாட்டியிருந்தார். 'முப்பத்தொரு அச்சு, மூவாயிரம் சொல்' என்று தலைப்பு. அந்த வாய்பாடுகள் பொய் இல்லை. எப்படியெல்லாம் உடையலாம் என்று அவை சரியாகவே சொல்கின்றன. எந்தச் சொல் எந்த அச்சில் விழும் என்பதை மட்டும் சொல்வதில்லை. தையல்கடைச் சுவரில் முப்பத்தொரு சட்டை மாட்டியிருப்பது போலத்தான். எது யாருக்குப் பொருந்தும் என்று சட்டையா சொல்லும்?

"ஒரு சொல்லுக்கு ரெண்டு சொல் மனப்பாடம் பண்ண வெச்சா மூணு மாசம் ஆகத்தான் செய்யும். ஒருமையை மட்டும் குடுங்க. பன்மையை அச்சு பாத்துக்கும். ஆறே வாரத்துல முடிச்சிரலாம்" என்றார் அவர்.

"ஆறு வாரத்துல முடியும் சார். ஆனா அங்க போய் வாயத் திறக்க முடியாது" என்றாள் அக்கா.

இப்போது என் பங்கைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன்.

அக்கா பல் பிடுங்கிக்கொள்ளப் போன ஒரு நாள். காலை பதினொன்றரைக்கு அச்சுக்காரர் அட்டைப்பெட்டியோடு கடைக்கு வந்தார். உள்ளே அக்காவின் ஆயிரத்து இருநூறு அட்டைகளும்.

"இத நடுவுல வெட்டிக் குடும்மா. வலப்பக்கம் தனிக் கட்டு, இடப்பக்கம் தனிக் கட்டு."

"அக்கா சொல்லுச்சா?"

"சொல்லாமயா?"

எனக்குள் ஏதோ நெருடியது. போனைக்கூடக் கையில் எடுத்தேன். ஆனால் கடையில் ஏழு பேர் நின்றார்கள், அவரோ என்னிடம் மாதாமாதம் ஆயிரக்கணக்கில் நகல் எடுக்கிற வாடிக்கை. போனை வைத்துவிட்டுக் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் ஐம்பது ஐம்பதாக அடுக்கிக் கத்தியை இறக்கினேன். இருபத்து நாலு இறக்கு. என் கைதான். வேறு யார் கையும் இல்லை. அவர் ஒருமைக் குவியலை எடுத்துக்கொண்டார். பன்மைக் குவியலை என் குப்பைக்கூடையில் கவிழ்த்தார். "இது வேணாம்" என்றார்.

மறுநாள் வகுப்பில், முப்பது பெண்களுக்கு முன்னால், "இன்னையிலேருந்து கிளிப்பிள்ளைப் பாடம் கிடையாது" என்று அறிவித்துவிட்டு, பாதி அட்டைகளை அக்காவின் மேசை மேல் வைத்தார். அச்சை வைத்து நடத்த முடிந்தால் நடத்தலாம், முடியாவிட்டால் அவள் இஷ்டம் என்றார். வீங்கிய கன்னத்தோடு அக்கா ஒரு பாதி அட்டையை எடுத்து, வெட்டிய விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாளாம். பிறகு கீழே இறங்கி வந்தாள். என் கடை வாசலில் நின்று வெட்டு இயந்திரத்தைப் பார்த்தாள், குப்பைக்கூடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வீட்டுக்குப் போய்விட்டாள். நான் கூடையைக் கிளறி அந்தப் பாதிகளைப் பொறுக்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன். என்னத்துக்கு என்று அன்றைக்கு எனக்கே தெரியாது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அக்காவுக்கு வகுப்பே இல்லை. அவளுக்கு உலகத்தில் வேண்டியது அது ஒன்றுதான். நாலு சுவர், ஒரு பலகை, முப்பது வாய். மற்ற பயிற்சி நிலையங்களில் கேட்டாள். "அவங்க கிளி வளர்க்கறவங்க, வாத்தியார் இல்ல" என்று அச்சுக்காரர் எல்லா இடத்திலும் சொல்லி வைத்திருந்தார். வீட்டில் உட்கார்ந்து மருத்துவச் சீட்டுகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷமாகக் காலையில் கொண்டை போட்டுக்கொண்டு கிளம்பிய பெண், பன்னிரண்டு மணிக்குத் தலை வாராமல் கதவைத் திறப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். அந்த மனுஷன் நாசமாய்ப் போக வேண்டும் என்று தினமும் ஷட்டரைத் தூக்கும்போதும் இறக்கும்போதும் நினைப்பேன். இதில் எனக்கு வெட்கமே கிடையாது.

என்னை மட்டும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. வந்தால் டீ போட்டுக் கொடுத்தாள், என் வீட்டுக்காரரைக் கிண்டல் செய்தாள். மன்னித்துவிட்டாள் என்று நிம்மதியாக இருந்தேன். அவள் என் கடையில் அட்டை வாங்குவதை நிறுத்திவிட்டதை நான் கவனிக்கவே இல்லை. வகுப்பு இல்லாதவளுக்கு அட்டை எதற்கு என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது வருஷத் தொடக்கத்தில் காற்று திரும்பியது. நர்சுகளை வேலைக்கு எடுக்கிற பெரிய ஆஸ்பத்திரியின் மொழித் தேர்வாளர் ஓய்வு பெற்றார். அக்கா மொழிபெயர்த்த சீட்டுகளை அங்கே மேட்ரன் அம்மா நெடுநாளாகப் பார்த்து வந்திருக்கிறார். அரபியே தாய்மொழியான பெரிய மனுஷி, நர்சுகளுக்கெல்லாம் தலைவி. தேர்வாளர் வேலைக்கு அக்காவைக் கூப்பிட்டுவிட்டார். முதல் தேர்வு எங்கே? என் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "எல்லாரையும் ஃபெயில் போடு. இருபத்தெட்டு பேரும் ஃபெயில்னா அந்தாளு போர்டைக் கழட்டிட்டுப் போக வேண்டியதுதான்" என்றேன்.

"அந்தப் பொண்ணுங்க என்னடி பண்ணாங்க? வீட்டை அடமானம் வெச்சுட்டு வந்து படிக்குதுங்க."

"அப்ப அவர் தப்பிச்சிருவார்."

"தப்பிக்கிறாரான்னு பாரு" என்று சொல்லிவிட்டு, சாவகாசமாக டீயை உறிஞ்சினாள். பிறகு கேட்டாள்: "அந்த பிஸ்கட் டப்பா இருக்கில்ல?"

டப்பாவைப் பற்றி நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. எடுத்துக் கொடுத்தேன்.

அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு வழக்கம் உண்டு. மாணவிகளைக் கேள்வி கேட்பதற்கு முன் வாத்தியாரைக் கேட்பார்கள். வாத்தியார் தேறாவிட்டால் மாணவிகளைத் தேர்வுக்கே எடுப்பதில்லை. அவர்களைத் தோற்றவர்களாகவும் எழுதுவதில்லை. வேறு வாத்தியாரை வைத்துப் பயிற்சியை முடித்துவிட்டு, பிறகு தேர்வு வைப்பார்கள். பழைய தேர்வாளர் இதை ஒரு சடங்காக, டீ குடித்தபடி இரண்டு கேள்வியில் முடித்துவிடுவாராம். அக்கா சடங்கு செய்ய வரவில்லை.

நகல் கொண்டுபோய்க் கொடுக்கும் சாக்கில் நானும் மேலே ஏறிக் கதவோரம் நின்றேன். அச்சுக்காரர் அக்காவைப் பார்த்ததும் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அக்கா முதலில் மேட்ரன் அம்மாவிடம் அரபியில் ஏதோ சொன்னாள். பிறகு எல்லாருக்கும் தமிழில் சொன்னாள்: "நான் இங்க வேலை பாத்து வெளிய போனவ. அதனால நான் கேக்க மாட்டேன். சாரோட சொந்த அட்டையிலேருந்து மேட்ரன் அம்மாவே பத்து எடுக்கட்டும். ஒருமையை அவங்க படிப்பாங்க, பன்மையை சார் சொல்லட்டும். சரியான்னு பாக்க, மீதிப் பாதி எங்கிட்ட இருக்கு."

மேசையில் பிஸ்கட் டப்பாவை வைத்தாள். அச்சுக்காரருக்கு அது என்னவென்று ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அந்த முகத்தை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்த்து ரசிக்கிறேன்.

முதல் அட்டை மரீள். "மர்ளா" என்றார். சரி. அடுத்தது கல்ப், இதயம். "குலூப்." சரி. தஃப்தர், குறிப்பேடு. "தஃபாதிர்." அதுவும் சரி. நாலு மெய்யெழுத்து உள்ள சொற்கள் பெரும்பாலும் அச்சுக்கு அடங்கும் என்று அக்காவே சொல்வாள். அவருக்கு முதுகு நிமிர்ந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

நாலாவது அள்ம், எலும்பு. இதயத்துக்கும் எலும்புக்கும் ஒரே தாளம். குலூப் போன அதே வழியில் துணிந்து போய் "உளூம்" என்றார். மேட்ரன் அம்மாவின் புருவம் ஏறியது. அக்கா டப்பாவில் தேடி ஒரு பாதியைப் பக்கத்தில் வைத்தாள். இளாம்.

ஐந்தாவது ஹகீபா, பை. நகரத்துக்கு மதீனா, நகரங்களுக்கு முதுன் என்பதை நினைத்துக்கொண்டு "ஹுகுப்" என்றார். அக்கா வைத்த பாதியில் ஹகாயிப். ஆறாவது ஸரீர். கட்டில். அவர் சுவரைப் பார்த்தார். முப்பத்தொரு அச்சும் அங்கே வரிசையாக நின்றன, ஒன்றும் வாய் திறக்கவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் தாங்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பன்மை தெரியாத வாத்தியார்.

ஏழாவது ரிஜ்ல், கால். வியர்வையைத் துடைத்துக்கொண்டு "ரிஜால்" என்றார். மேட்ரன் அம்மா முதல் தடவையாகச் சிரித்து அரபியில் ஒரு கேள்வி கேட்டார். அக்கா முகத்தை அசைக்காமல் மொழிபெயர்த்தாள்: "ரிஜால்னா ஆண்கள். கால்கள்னா அர்ஜுல். ஒரு நர்சு டாக்டர்கிட்ட நோயாளியோட ஆண்கள் வீங்கியிருக்குன்னு சொன்னா டாக்டர் என்ன மருந்து எழுதுவார்னு கேக்கறாங்க."

பத்து முடிந்தபோது அவருக்கு நாலு சரி. மேட்ரன் அம்மா பேனாவை மூடினார்.

அன்றைக்கே முடிவு சொல்லிவிட்டார்கள். இருபத்தெட்டுப் பெண்களுக்கும் இரண்டு மாதம் தள்ளி மறுபடி தேர்வு. பாடத்துக்கு என் அக்கா, தேர்வுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வேறு ஆள். அக்கா சொல்கிற ஏற்பாடுகளுக்கு ஒத்துக்கொண்டால் நிலையம் பட்டியலில் இருக்கும், இல்லாவிட்டால் அடித்துவிடுவார்கள். அக்கா தன் ஏற்பாடுகளை ஒரு தாளில் எழுதி, இரண்டு நகல் எடுக்க என்னிடம்தான் கொடுத்தாள். முதலாவது, வகுப்பு அவளுடையது. இரண்டாவது, சுவரில் இருக்கிற அச்சு இறங்க வேண்டும். மூன்றாவது, வெட்டிய ஆயிரத்து இருநூறு அட்டையையும் அச்சுக்காரர் தன் கையாலேயே, ஜோடி ஜோடியாக, வாய்விட்டுப் படித்து ஒட்டித் தர வேண்டும். வெட்டிய இடத்தில் உட்கார்ந்து.

வெட்டிய இடம் என் கடை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வாசல் பக்கம் முக்காலி போட்டு வைத்தேன், தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று. டேப் நாலு உருளை எடுத்து வைத்தேன். மறுநாள் காலை அச்சுக்காரர் வந்து உட்கார்ந்தார். கொட்டம் அடங்கிய மனுஷனைப் பார்ப்பதே ஒரு விருந்து. நான் வசதியாகச் சாய்ந்துகொண்டு, "ம், ஆரம்பிங்க சார்" என்றேன்.

மாடிக்குப் போகும் வழியில் அக்கா வாசலில் நின்றாள். கொண்டை போட்டிருந்தாள். "நீ என்ன உக்காந்திருக்க?" என்றாள் என்னிடம்.

"பாக்கறதுக்குத்தான்."

"வெட்டச் சொன்னது அவரு. கத்தியை எறக்கினது யாரு?"

இரண்டு வருஷம், ஒரு மாதம். டீ போட்டுக் கொடுத்தாள், கிண்டல் செய்தாள், என் பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாதபோது கூடவே இருந்தாள். அத்தனை நாளும் இதை மடியில் கட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல நீ" என்றாள். குரல் உயரவில்லை. "அவரு வெளியாளு. நீ அப்படியா?"

அப்புறம் என்ன செய்வது. நானும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். பதினோரு நாள். நான் ஒருமையை எடுத்து நீட்டிப் படிக்க வேண்டும், அவர் பன்மையைத் தேடிப் படித்து ஒட்ட வேண்டும். எனக்குப் பார்க்கவே பிடிக்காத முகம் ஒரு முழ தூரத்தில், பதினோரு நாள். இரண்டாம் நாளே விரல் நுனிகளில் டேப்பின் பிசுக்கு ஏறிவிட்டது. மேலே இருபத்தெட்டு வாய் ஒரே மூச்சில் கத்தும், கீழே நாங்கள் இரண்டு பேர் முணுமுணுப்போம். தபீப் அதிப்பா. தவா அத்வியா. வாடிக்கைக்காரர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். ஆறாம் நாள் அவர் டப்பாவைப் பார்க்காமலே ஸரீருக்கு அஸிர்ரா என்றார். சொல்லிவிட்டு, சொன்னது தான்தானா என்பது போல என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கும் அது வந்திருந்தது.

பதினோராம் நாள் சாயங்காலம் கடைசி அட்டை ஒட்டி முடிந்தது. அவர் ஆயிரத்து இருநூறையும் பெட்டியில் அடுக்கி, தானே மாடிக்குத் தூக்கிப் போனார். நானும் பின்னாலேயே போனேன். ஏதாவது ஒரு நல்ல வார்த்தை சொல்வாள், இத்தோடு ஆறிவிடும் என்று எனக்கு ஒரு நப்பாசை.

வகுப்பு முடிந்து பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் வெள்ளை அட்டைக் கட்டு. வெட்டுத் தழும்பு இல்லாத, டேப் இல்லாத, முழு அட்டைகள். வலப்பக்கம் ஒருமை, இடப்பக்கம் பன்மை, அக்காவின் கையெழுத்து.

"வேலை போன நாலாம் மாசமே முழுசையும் புதுசா எழுதிட்டேன். அட்டை வேற கடையில வாங்கினேன்" என்றாள். கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னாள்.

அச்சுக்காரர் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "அப்ப இது?" என்றார்.

அக்கா பலகையைத் துடைத்துவிட்டுத் திரும்பினாள். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் என் குப்பைக்கூடைக்கு முன்னால் நின்று சொன்ன அதே குரலில், அதே இரண்டு சொல்லைச் சொன்னாள்.

"இது வேணாம்."